இரவு 9.15-க்கு மேல் புது ஆட்டம் இல்லை: இதை மகனுக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. தினமும் ராத்திரி வகுப்புத் தோழர்கள் நான்கு பேரோடு கம்ப்யூட்டரில் வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை விளையாடுகிறான், டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் பேசிக்கொண்டே. போன மாதம் ஒருநாள் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால், போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். வகுப்புப் பையன்களோடு அல்ல, 19 வயது என்று சொல்லிக்கொள்ளும் யாரோ ஒருவரோடு. அவர் இவனுக்கு டிஸ்கார்ட் நைட்ரோ என்ற கட்டணச் சந்தாவைப் பரிசாக வாங்கித் தந்திருக்கிறாராம். என் கணவர் கோபத்தில், பெற்றோர் கட்டுப்பாட்டுக்கான மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியில் இரவு ஒன்பது மணிக்குப் பூட்டு போட்டுவிட்டார், அவனிடம் சொல்லவில்லை. மறுநாள் ஆட்டத்தின் நடுவில் திரை பூட்டிக்கொண்டது. அழுதுவிட்டான். அதிலிருந்து எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். “உன் நன்மைக்காகத்தான் இதைச் செய்கிறோம். கம்ப்யூட்டர் உன்னை அடிமையாக்கிவிட்டது. இனி எங்கள் விதிப்படிதான் நடக்க வேண்டும்” என்று மூன்று வரி எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. என்ன எழுதுவது?

பதில்: முதலில் அந்த ஒன்பது மணிப் பூட்டை இன்றைக்கே தளர்த்திவிடுங்கள், அப்புறம் எழுத உட்காருங்கள். கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லவில்லை, கண்டிப்பாக வேண்டும். ஆனால் அந்தப் பூட்டு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு அன்பாக எழுதினாலும் அவன் கண்ணுக்கு அந்தப் பூட்டு மட்டும்தான் தெரியும்.

அவன் ஏன் அழுதான் என்று புரிய, அந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வேலரன்டில் ஒரு பக்கம் ஐந்து பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர். எந்த அணி முதலில் 13 சுற்று ஜெயிக்கிறதோ அதற்கு வெற்றி. ஒரு முழு ஆட்டம் பெரும்பாலும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் போகும், 12-12 என்று சமமானால் இன்னும் நீளும். நடுவில் நிறுத்திவைத்துவிட்டு நாளைக்குத் தொடர வழி கிடையாது. ஒருவன் காணாமல் போனால் மீதி நான்கு பேர் ஐந்து பேரை எதிர்த்து ஆட வேண்டும். விட்டுப் போனவனுக்கு விளையாட்டே தண்டனையும் கொடுக்கும்: கொஞ்ச நேரம் புது ஆட்டத்தில் சேர முடியாது, தரவரிசைப் புள்ளி குறையும். உங்கள் மகனுக்கு அந்த நால்வரும் வகுப்புத் தோழர்கள். மறுநாள் காலை வகுப்பில் அவர்கள் முகத்தில் விழித்தாக வேண்டும். கம்ப்யூட்டர் போய்விட்டதே என்று அவன் அழவில்லை, நான்கு நண்பர்களை நட்டாற்றில் விட்டுவிட்டோமே என்று அழுதிருக்கிறான்.

ஆகவே மணி அடித்ததும் நிறுத்து என்கிற விதி இந்த மாதிரி விளையாட்டுக்குப் பொருந்தாது. கடைசி ஆட்டத்தை எத்தனை மணிக்குள் தொடங்க வேண்டும் என்பதுதான் விதியாக இருக்க வேண்டும். என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிச் சண்டை இந்த ஒரு மாற்றத்திலேயே அடங்கிவிடுகிறது. “ஆட்டம் முடியட்டும்மா” என்று அவன் சொல்ல இடமே இல்லை, ஆட்டம் முடியும் நேரமும் சேர்த்துத்தானே கணக்கு போட்டிருக்கிறோம்.

கணக்கை எப்படிப் போடுவது? தூக்கத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். 13 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் அளவு. இந்த வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் தள்ளிப்போகிறது, ஒன்பது மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது, அதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில் 6.30-க்கு எழ வேண்டியவன் என்று வைத்துக்கொள்வோம். 10.30-க்குத் தூங்கினால் எட்டு மணி நேரம், அதுவே குறைந்தபட்சம். பரபரப்பான ஆட்டம் முடிந்து தலை ஆறுவதற்கும் பல் தேய்த்துப் படுப்பதற்கும் அரை மணி நேரம் வேண்டும். அப்படியென்றால் பத்து மணி வாக்கில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் கழித்தால் கடைசி ஆட்டத்தை 9.15-க்குள் தொடங்கியாக வேண்டும். உங்கள் வீட்டில் எழும் நேரம் வேறாக இருந்தால் இதே கணக்கை அந்த நேரத்திலிருந்து போடுங்கள். இந்தக் கணக்கைக் கடிதத்திலும் அப்படியே எழுதுங்கள். 9.15 என்பது அம்மாவின் கோபத்திலிருந்து வந்ததல்ல, 6.30-லிருந்து வந்தது என்று அவனே போட்டுப் பார்க்கட்டும்.

ஃபேமிலி சேஃப்டியை 10.15-க்கு மாற்றி வையுங்கள், மறுநாள் பள்ளி இல்லாத இரவுகளில் மட்டும் 11.30-க்கு. அது கடைசித் தடுப்பு மட்டும்தான், விதி ஒழுங்காக நடக்கிற நாளில் அந்தப் பூட்டு விழுவதையே அவன் பார்க்கக் கூடாது. இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பாடம் படிப்பதும் அதே கம்ப்யூட்டரில் என்றால், மொத்தக் கம்ப்யூட்டருக்கும் இத்தனை மணி நேரம் என்று வைத்தால் பாடமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும், அதனால் பகல் நேரக் கட்டுப்பாட்டை விளையாட்டுக்கு மட்டும் வையுங்கள், இரவு 10.15 பூட்டு முழுக் கம்ப்யூட்டருக்கும் இருக்கட்டும். அடுத்தது, இந்தக் கட்டுப்பாடு கம்ப்யூட்டரோடு ஒட்டியதில்லை, உங்கள் குடும்பக் குழுவில் சேர்த்திருக்கும் அவனுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒட்டியது. அதே கம்ப்யூட்டரில் வேறு ஒரு கணக்கு இருந்து அதில் நுழைந்தால் எந்தப் பூட்டும் வேலை செய்யாது. செட்டிங்க்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய் எத்தனை கணக்குகள் இருக்கின்றன, அவனுடையது அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருந்தால் சாதாரணப் பயனர் கணக்காக மாற்றுங்கள். விளையாடவே இல்லை என்று வாராந்திர அறிக்கை சொல்கிறது, ஆனால் அவன் அறையில் சத்தம் கேட்கிறது என்றால் இந்த இடத்தில்தான் ஓட்டை.

இனி நீங்கள் எழுதிய விஷயங்களில் எனக்கு மிகவும் கவலை தருவது. ராத்திரி ஒரு மணிக்கு அவன் விளையாடிக்கொண்டிருக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தான். அதுவும் போனில். கம்ப்யூட்டரை ஒன்பது மணிக்கு இல்லை, ஏழு மணிக்கே பூட்டியிருந்தாலும் அந்த ஒரு மணிப் பேச்சு நின்றிருக்காது. விளையாட்டு வேறு, பேச்சு வேறு. விளையாட்டுக்கு நேரத்தால் எல்லை போடலாம். பேச்சுக்கு முதல் எல்லை யாரோடு என்பது, எவ்வளவு நேரம் என்பது அதற்கு அப்புறம்தான்.

வகுப்பு நண்பர்களோடு பேசுவதைக் குறைக்க முயல வேண்டாம். அந்த வயதுப் பையன்களுக்கு அதுதான் தெருமுனைத் திண்ணை. முன்பின் தெரியாதவர்களோடு பேசுவதை மட்டும் பிரித்தெடுக்கலாம், அதற்கு வசதியும் இருக்கிறது. வேலரன்டின் ஒலி அமைப்புகளில் பார்ட்டி குரல், டீம் குரல் என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். பார்ட்டி என்றால் அவனாகச் சேர்த்துக்கொண்ட நண்பர்கள், டீம் என்றால் விளையாட்டு கொண்டுவந்து சேர்க்கும் அந்நியர்களும் உண்டு. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை அணைக்கலாம். டிஸ்கார்டில் பலர் கூடிப் பேசும் குழுவுக்கு சர்வர் என்று பெயர், ஒரு சர்வரில் இருக்கும் எல்லோரும் தனிச்செய்தி அனுப்பலாமா, யாரெல்லாம் நட்பு அழைப்பு அனுப்பலாம் என்பதையும் அமைப்புகளில் சுருக்க முடியும்.

அதே டிஸ்கார்டில் ஃபேமிலி சென்டர் என்று ஒன்று 2023-லிருந்து இருக்கிறது. அவன் யாரை நண்பராகச் சேர்த்தான், எந்த சர்வரில் இருக்கிறான், யாருக்குச் செய்தி அனுப்பினான், யாரோடு அழைப்பில் பேசினான் என்று கடந்த ஒரு வார நடப்பைக் காட்டும். என்ன பேசினான் என்பதைக் காட்டாது. எனக்கு இந்த அளவு மிகச் சரியாகப் படுகிறது, 14 வயதுப் பிள்ளையின் பேச்சை வரிக்கு வரி படிக்கும் செயலிகளை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அவன் அடுத்து வேறு ஒரு செயலிக்கு மாறுவான், உங்களுக்கு இப்போது தெரிகிற இந்தக் கொஞ்சமும் தெரியாமல் போகும். ஃபேமிலி சென்டரை அவன் சம்மதமில்லாமல் இணைக்கவும் முடியாது. அவன் போனில் வரும் கியூஆர் குறியீட்டை நீங்கள் உங்கள் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும், அவன் அதை ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு எப்போது வேண்டுமானாலும் துண்டித்துக்கொள்ளவும் முடியும். ஆகவே அது வேலை செய்யும் என்பதே அவன் உங்களை நம்புகிறான் என்பதைப் பொறுத்தது, கடிதம் தேவைப்படுவதும் அதற்காகத்தான்.

அந்த 19 வயதுக்காரர் யார் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உண்மையிலேயே விளையாட்டு சொல்லித்தரும் நல்ல பையனாக இருக்கலாம். ஆனால் காசு போட்டு வாங்கிய பரிசு, ஊர் தூங்கும் நேரம், மற்ற நண்பர்கள் இல்லாத தனி அழைப்பு, இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் நான் உட்கார்ந்து கவனிப்பேன். இதற்கு மேல் “நம்ம பேசுறத வீட்ல சொல்லாத” என்றோ, படம் அனுப்பு என்றோ, இன்னொரு செயலிக்கு வா என்றோ வந்திருக்கிறதா என்று அவனிடம் நேரில், தனியாக, குரலை உயர்த்தாமல் கேளுங்கள். கடிதத்தில் கேட்காதீர்கள். அந்த ஆளைப் பற்றிக் கடிதத்தில் மோசமாகவும் எழுதாதீர்கள், எழுதினால் அவன் அவரைக் காப்பாற்றும் பக்கம் போய்விடுவான்.

சரி, கடிதம். நீங்கள் எழுதிய மூன்று வரியையும் விட்டுவிடுங்கள். “அடிமை” என்ற சொல்லைப் பார்த்ததும் அவன் மேற்கொண்டு படிக்க மாட்டான், உங்கள் மகன் விஷயத்தில் அது உண்மையுமில்லை, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். “உன் நன்மைக்காக” என்பதற்குப் பதிலாக நீங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள். கணவர் முழுவதையும் படித்து ஒப்புக்கொண்ட பிறகு இருவரும் கையெழுத்து போடுங்கள். அவர் படிக்காத கடிதத்தைக் கொடுத்தால் முதல் வாரத்திலேயே அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று என்று விதி இரண்டாகிவிடும். அவனை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அந்தப் பெயரிலேயே தொடங்குங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன், உங்கள் பேச்சுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

> அன்று ஆட்டத்தின் நடுவில் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டதே, அதை உன்னிடம் சொல்லாமல் செய்தது சரியில்லை. எங்களால் உன் டீம் தோற்றுப்போகும்படி ஆகிவிட்டது. அந்த மாதிரி இனி நடக்காது. நீ கேட்டால் நடந்ததை உன் நண்பர்களிடம் நாங்களே சொல்கிறோம்.
>
> ஆனால் அன்று ராத்திரி ஒரு மணிக்கு நீ போர்வைக்குள் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. காலையில் நாலு தடவை எழுப்பியும் நீ எழவில்லை. இது ஒருநாள் விஷயமில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் சில கட்டுப்பாடுகள் வைக்கப்போகிறோம். எல்லாவற்றையும் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். இதில் இல்லாத எதையும் உனக்குத் தெரியாமல் வைக்க மாட்டோம்.
>
> நீ 6.30-க்கு எழ வேண்டும். எட்டு மணி நேரம் தூங்கினால்தான் உடம்பு தாங்கும், அப்படியென்றால் 10.30-க்குத் தூங்க வேண்டும். உன் ஆட்டம் முக்கால் மணி நேரம் வரை போகும். அதனால் பள்ளி இருக்கும் நாளில் கடைசி ஆட்டத்தை 9.15-க்குள் தொடங்கிவிடு. 9.14-க்குத் தொடங்கினாலும் சரி, அது முடியும் வரை நாங்கள் குறுக்கே வர மாட்டோம். 9.16 என்றால் அன்றைக்கு இல்லை. கம்ப்யூட்டர் 10.15-க்குத்தான் பூட்டும். எப்போதாவது சமமாகி இழுத்துக்கொண்டே போனால் டைம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்பு, 15 நிமிஷம் தருகிறோம், ஏன் எதற்கு என்று கேட்க மாட்டோம்.
>
> பள்ளி நாளில் இரண்டு ஆட்டம். மணிக்கணக்கு வைக்கவில்லை, ஆட்டக்கணக்குத்தான். மறுநாள் பள்ளி இல்லாத ராத்திரிகளில் கடைசி ஆட்டம் 10.30-க்குள், பூட்டு 11.30-க்கு, எத்தனை ஆட்டம் என்பதை நீயே முடிவு செய். மறுநாள் பரீட்சை என்றால் எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று நீயே சொல், பேசி முடிவெடுப்போம்.
>
> 10.15-க்கு மேல் போன் உன் அறையில் இருக்காது. என் போனும் அப்பா போனும் எங்கள் அறையில் இருக்காது. மூன்றும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகும். காலையில் எழுவதற்குத் தனியாக ஓர் அலாரம் கடிகாரம் வாங்கித் தருகிறோம்.
>
> உன் நண்பர்களோடு நீ பேசுவதில் நாங்கள் தலையிடவில்லை. விளையாடும்போது பேசு, விளையாடாமல் பேசினாலும் சரி. நேரில் நீ பார்த்தே இராதவர்களோடு பேசுவதற்கு மட்டும் ஒரு விதி: எல்லோரும் இருக்கும் இடத்தில் பேசலாம், தனிச்செய்தியும் தனி அழைப்பும் வேண்டாம். உனக்கு நைட்ரோ வாங்கித் தந்தவருக்கும் இதே விதிதான். அவரை நாங்கள் குற்றம் சொல்லவில்லை, அவரை எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இனி யாராவது பரிசு தருகிறேன் என்றால் வாங்குவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்.
>
> டிஸ்கார்டில் ஃபேமிலி சென்டர் என்று இருக்கிறது. அதை உன்னோடு உட்கார்ந்து, நீ சரி என்றால்தான் இணைப்பேன். யாரோடு பேசினாய் என்பது எனக்குத் தெரியும். என்ன பேசினாய் என்பது தெரியாது, தெரிந்துகொள்ள முயலவும் மாட்டேன். நீ தூங்கும்போது உன் போனை எடுத்துப் பார்க்க மாட்டேன்.
>
> 9.15 தாண்டி ஆட்டம் தொடங்கினால் மறுநாள் ஒரே ஆட்டம். அதற்கு மேல் தண்டனை கிடையாது. ஒரு வாரம் கம்ப்யூட்டரைப் பிடுங்கி வைப்பது, வைஃபையை நிறுத்துவது, இதெல்லாம் செய்ய மாட்டோம்.
>
> இது மிகவும் முக்கியம். யாராவது உன்னைப் பயமுறுத்தினால், படம் கேட்டால், நீ ஏற்கெனவே எதையாவது அனுப்பிவிட்டு இப்போது மாட்டிக்கொண்டதுபோல் இருந்தால், எத்தனை மணியானாலும் வந்து எழுப்பு. அதற்காக உன் போனையோ விளையாட்டையோ பறிக்க மாட்டோம். நீ விதியை மீறியிருந்ததால் அது நடந்திருந்தாலும் பறிக்க மாட்டோம். முதலில் அதிலிருந்து உன்னை வெளியே கொண்டுவருவோம்.
>
> நாலு வாரம் இப்படிப் பார்ப்போம். அடுத்து வரும் முதல் விடுமுறை நாளில் மூன்று பேரும் உட்கார்ந்து எதை மாற்றலாம் என்று பேசலாம். இந்தக் கடிதத்தில் உனக்குச் சரியில்லை என்று படுவதை அடிக்கோடு போட்டுக் கொடு. எல்லாவற்றையும் மாற்றுவோம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வேன்.
>
> அம்மா, அப்பா

படம் பற்றிய அந்தப் பகுதியை நீளம் கருதி வெட்டிவிடாதீர்கள். விளையாட்டில் பழகி, நெருங்கிப் பேசி, ஒரு படத்தை வாங்கி, அதை எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன் என்று பணமோ இன்னும் படமோ கேட்டு மிரட்டுவது இந்த வயதுப் பையன்களைக் குறிவைத்தே நடக்கிறது. அவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதற்குப் பெரிய காரணம் வீட்டில் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். மிரட்டுபவனும் அதைத் தெரிந்துகொண்டுதான் “உங்கம்மா என்ன சொல்வாங்க” என்று ஆரம்பிப்பான். அந்தக் கதவை முன்கூட்டியே நீங்கள் திறந்து வைத்திருந்தால் அவன் பிடி தளர்ந்துவிடும். அப்படி ஏதும் நடந்தால் பணம் அனுப்ப வேண்டாம், பதிலும் வேண்டாம், உரையாடலை அழிக்கவும் வேண்டாம். கணக்கின் பெயரும் மிரட்டிய செய்திகளும் தெரிகிறாற்போல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, செயலியிலேயே புகார் கொடுத்து, தடுத்துவிட்டு, காவல்துறைக்குப் போங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் அந்தரங்கப் படம் இணையத்தில் பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது, takeitdown.ncmec.org என்பது முகவரி. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கருவியிலேயே அந்தப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாகும், அது மட்டும்தான் போகும், அதை வைத்து இத்திட்டத்தில் சேர்ந்திருக்கும் தளங்கள் படத்தைத் தேடி நீக்கும்.

கடிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம், நண்பர்களிடம் பேசும் அதே திரையில் இது வந்தால் ஒரு நொடியில் மேலே தள்ளிவிடுவான், அல்லது ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடுவான். பள்ளிக்குப் போகும் அவசரத்திலோ ஆட்டத்துக்கு முன்போ இல்லாமல், மாலையில் அவன் சும்மா இருக்கும்போது காகிதமாகக் கொடுங்கள். அன்றைக்கே பேசச் சொல்லாதீர்கள். பெரும்பாலும் முதலில் வருவது “மத்தவங்க வீட்ல எல்லாம் இப்படி இல்ல” என்பதாக இருக்கும். அது உண்மையாகவே இருக்கலாம். அந்த நால்வரும் 9.30-க்குத்தான் கூடுகிறார்கள் என்றால் 9.15 என்பது அவனைக் குழுவிலிருந்தே வெளியே தள்ளிவிடும். அதை அவன் சொன்னால் வாதம் பண்ணுகிறான் என்று ஒதுக்காதீர்கள், உங்கள் திட்டத்தில் உள்ள உண்மையான ஓட்டை அது. அந்த நால்வரில் இரண்டு பேரின் பெற்றோருக்கு நீங்களே போன் பண்ணி எட்டு மணிக்குத் தொடங்கச் சொல்லலாமா என்று பேசிப் பாருங்கள், அவனைக் கேட்டுவிட்டு. அவர்களுக்கும் ராத்திரிப் பிரச்சினை இருக்கத்தான் செய்யும்.

முதல் வாரம் ரிக்வெஸ்ட் தினமும் வரும். அதில் இரண்டு மூன்று நியாயமாக இருக்கும். ஆனால் தினமும் பத்து மணி தாண்டுகிறது என்றால், ஆட்டம் நீளவில்லை, அவன் 9.15-க்குப் பின்னால் தொடங்குகிறான். அறைக்குள் போய் மணி பார்த்து நிற்க வேண்டியதில்லை. வேலரன்டில் நடந்த ஆட்டங்களின் பட்டியல் இருக்கும், அடுத்த நாள் அவனோடு சேர்ந்து பாருங்கள். சொன்னபடி மறுநாள் ஒரே ஆட்டம், அதோடு விட்டுவிடுங்கள். உங்கள் கணவர் மீண்டும் கோபத்தில் ஒருநாள் வைஃபையைப் பிடுங்கிவிட்டால் கடிதத்தில் உள்ள மற்ற வாக்குகளும் சேர்ந்து போய்விடும், முக்கியமாக எத்தனை மணியானாலும் எழுப்பு என்று சொன்னது.

நாலு வாரம் கழித்து மதிப்பெண்ணை வைத்து இதை அளக்காதீர்கள், அதற்கு நாலு வாரம் போதாது. தூக்கத்தைப் பாருங்கள். விடுமுறை நாளில் எழுப்பாமல் விட்டால் எத்தனை மணிக்கு எழுகிறான்? பள்ளி நாளைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்த்துத் தூங்குகிறான் என்றால் வாரம் முழுக்கத் தூக்கம் பாக்கி விழுகிறது என்று அர்த்தம், எங்கோ இன்னும் ஒழுகுகிறது. பழைய போன், டேப்லட் ஏதாவது அலமாரியில் இருக்கிறதா பாருங்கள். ஆண்ட்ராய்டு கருவிகளுக்கு கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியான ஃபேமிலி லிங்க் வைத்திருந்தாலும் அதன் நேர வரம்பு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி, இரண்டையும் கூட்டிக் கணக்கிடாது. தூக்கம் சரியாகி, காலையில் ஒரே குரலுக்கு எழுகிறான் என்றால் பள்ளி நாளில் மூன்றாவது ஆட்டத்தை நீங்களாகவே கொடுக்கலாம், 9.15-ஐ மட்டும் தொடாமல். வயது ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டிய கட்டுப்பாடுகள்தான் இவை.

கடைசியாக அந்த “அடிமை” பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டு சார்ந்த கோளாறு ஒன்று இருக்கிறது, 2022 முதல் நடைமுறையில் உள்ள பதிப்பில். விளையாட்டை நிறுத்தவோ குறைக்கவோ தன்னால் முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முதலிடத்துக்கு வருவது, பாதிப்பு கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது, இந்த மூன்றும் சேர்ந்து படிப்பு, குடும்பம், நட்பு போன்ற முக்கியமானவற்றைப் பெரிதாகக் குலைக்க வேண்டும், அதுவும் வழக்கமாக ஒரு வருடமாவது தொடர வேண்டும். பள்ளிக்குப் போகும், நான்கு நண்பர்களோடு சேர்ந்து விளையாடும், அவர்களைக் கைவிட்டதற்காக அழும் ஒரு பையனுக்கு நீங்கள் எழுதியதை வைத்து நான் அந்தப் பெயரைச் சூட்ட மாட்டேன். ஆனால் பள்ளிக்கே போக மறுக்கிறான், குளிப்பதில்லை, நண்பர்கள் வராத நேரத்திலும் தனியாக விடிய விடிய ஆடுகிறான், நிறுத்தச் சொன்னால் பொருட்களை உடைக்கிறான், எதிலும் பிடிப்பில்லாமல் பேசுகிறான் என்று எப்போதாவது தெரிந்தால் கடிதமும் ஃபேமிலி சேஃப்டியும் போதாது. நாலு வாரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் ஒரு குழந்தை மனநல மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். அந்த 19 வயதுக்காரர் விஷயமும் அப்படித்தான்: நீங்கள் கேட்டதும் அவன் முகம் வெளுத்தாலோ, அன்றைக்கே அந்த உரையாடல் முழுவதையும் அழித்துவிட்டாலோ, மறுபடி உட்கார்ந்து கேளுங்கள், இந்த முறை போனையோ விளையாட்டையோ பறிக்க மாட்டோம் என்ற அந்த வாக்கை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.